‘கால் பண்ணுங்க’ என்று மட்டும் பதில் வந்தால்

வீட்டு மாடியில் சோலார் போட்டுத் தரும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. விசாரித்தவருக்கு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் போகிறது. எத்தனை பேனல், எந்த இன்வெர்ட்டர், மானியம் எவ்வளவு, கையிலிருந்து போவது எவ்வளவு எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. நீல டிக் விழுகிறது. ஒரு நாள் கழித்து, கேள்வியும் இல்லாமல் சரி என்றும் இல்லாமல், ஒரே வரி வருகிறது: ‘கால் பண்ணுங்க.’

இதற்கு விற்பனையாளர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் ‘என்ன விஷயம்னு சொல்லுங்க சார், இங்கேயே விளக்கம் தரேன்’ என்று எழுதுகிறார்கள். எழுத விரும்பாதவரைப் பார்த்து எழுதச் சொல்வது அது. பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். மற்றவர்கள் ஆர்டர் வந்துவிட்டது என்ற குஷியில், பைக்கை ஓரம் கட்டிவிட்டு அந்த நிமிஷமே கூப்பிடுகிறார்கள். கொட்டேஷன் கையில் இல்லை, போனவாரம் யாருக்கு என்ன விலை போட்டோம் என்பது ஞாபகத்தில் இல்லை. ‘பார்த்துட்டுச் சொல்றேன் சார்’ என்பதை மூன்று முறை சொன்னதும், கூப்பிடச் சொன்னவருக்கு இருந்த கொஞ்சம் ஆர்வமும் போய்விடும்.

முதலில் அவர் ஏன் எழுதவில்லை என்று பார்க்க வேண்டும். டைப் அடிக்கச் சோம்பல், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், தமிழில் தட்டத் தெரியாது என்பதெல்லாம் உண்டு. அவை எளிய காரணங்கள். ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டிப் பணம் போகிற விஷயத்தில், எழுத்தில் வர விரும்பாத ஏதோ ஒன்று அவர் மனதில் இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். விலையைக் குறைக்கக் கேட்க வேண்டும், கூச்சம். கொட்டேஷனில் ஒரு வரி புரியவில்லை, புரியவில்லை என்று எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. அல்லது வீட்டு விவகாரம் ஒன்று இருக்கிறது, அது யார் போனிலும் பதிவாகக் கிடக்கக் கூடாது. கூப்பிடுவதற்கு முன்னால் இந்த மூன்றில் எது என்று ஓரளவு ஊகிக்க முடிந்தால், பாதித் தயாரிப்பு முடிந்த மாதிரி.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் சொந்த வீடு; ஓய்வுபெற்ற மனிதர். இரண்டு மாதத்துக்குச் சுமார் 700 யூனிட் ஓடுகிறது. நம் விற்பனையாளர் இளைஞர், அதே ஊர்க்காரர். அவர் அனுப்பிய கொட்டேஷன் இது: 540 வாட் பேனல் 6, அதாவது 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல், மொத்த விலை 1,95,000 ரூபாய், மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம் 78,000. கொட்டை எழுத்தில் கடைசி வரி, ‘உங்கள் செலவு 1,17,000 மட்டுமே’. வந்த பதில், காலை பதினொரு மணிக்கு, ‘கால் பண்ணுங்க’.

பதில் உடனே போக வேண்டும். போன் உடனே போக வேண்டியதில்லை. அந்தச் செய்தி வந்த நிமிஷம் அவர் கையில் போன் இருக்கிறது, மனதில் நம் விஷயம் இருக்கிறது; அரை நாள் மௌனமாக இருந்தால் இரண்டும் இருக்காது. நம்மிடம் எல்லாம் தயாராக இருந்தால் பத்து நிமிஷத்துக்குள் கூப்பிட்டுவிடலாம், அதைவிட நல்லது இல்லை. தயாராக இல்லையென்றால் இப்படி ஒன்று:

‘வணக்கம் சார், கண்டிப்பா கூப்பிடுறேன். இன்னைக்கு சாயங்காலம் 6 மணி சௌகரியமா, நாளைக்குக் காலைல 10 மணியா? இதே நம்பர்லேருந்துதான் கூப்பிடுவேன். முடிஞ்சா கடைசி இ.பி. பில்லை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, அதைப் பார்த்துட்டுப் பேசினா சரியான கணக்காச் சொல்லிரலாம்.’

இதில் நான்கு காரியம் நடக்கிறது. ‘எப்போது’ என்று பொதுவாகக் கேட்டால் அவர் யோசித்துத் தட்ட வேண்டும். இரண்டு நேரம் கொடுத்தால் ‘6’ என்று ஒரு எழுத்தில் முடித்துவிடுவார். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று சொல்லிவிடுவது இந்தக் காலத்தில் அவசியம். ஸ்பேம் என்று புகார் ஆன எண்களை ட்ரூகாலர் சிவப்பில் காட்டுகிறது, தெரியாத ஆபீஸ் லேண்ட்லைனில் இருந்து கூப்பிட்டால் அவர் எடுக்கவே மாட்டார். மூன்றாவதாக, ‘எதைப் பற்றிப் பேசணும்’ என்று அவரை நோண்டவில்லை. நான்காவதுதான் முக்கியம், அந்த இ.பி. பில். நான் பார்த்தவரை, இந்தத் தொழிலில் பலர் அதை யூனிட் கணக்குக்கு மட்டும் கேட்கிறார்கள். அது சொல்லும் விஷயம் அதைவிட அதிகம்.

கூடவே கம்பெனி புரோஷரையும், பழைய வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களையும் அனுப்பிவைக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே அனுப்பியதையே அவர் பேசித்தான் தெரிந்துகொள்ள நினைக்கிறார்.

நம் கதையில் மதியம் பில் போட்டோ வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் எளிய கணக்கு. 1 கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; 3 கிலோவாட் என்றால் 12. இரண்டு மாதத்துக்கு 720. அவருடைய 700 யூனிட்டுக்கு இது பொருத்தம். ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும், பங்குனி சித்திரையில் ஈடுகட்டும். மாடியில் நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், இவருக்கு இரண்டு மாத பில் நாலாயிரம் ரூபாய்க்கு அருகில் வந்துகொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி மிச்சமானால், மானியம் போகக் கைச்செலவு ஐந்தாறு வருஷத்தில் திரும்பிவிடும். கூப்பிடுவதற்கு முன் இந்தக் கணக்கை அவருடைய பில்லில் இருக்கும் தொகையை வைத்தே போட்டுக்கொள்ள வேண்டும். ‘பொதுவா அஞ்சு வருஷத்துல எடுத்துரலாம்’ என்று எல்லா கம்பெனியும் சொல்கிறது. ‘உங்க பில்லுப்படி’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைத்தான் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அடுத்து, பில்லில் இருக்கும் பெயர். வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், பில்லில் வேறொரு பெயர். இனிஷியலைப் பார்த்தால் அப்பா என்று தெரிகிறது. இந்த வயதுள்ளவரின் அப்பா இன்று உயிரோடு இருப்பாரா? சர்வீஸ் இன்னும் இறந்துபோனவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். தமிழ்நாட்டில் இது சர்வ சாதாரணம். பில் கட்டினால் மின்சாரம் வருகிறது, பெயர் யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது பார்ப்பார்கள். மின் இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில் விண்ணப்பம் போக வேண்டும், பணம் அவர் வங்கிக் கணக்கில்தான் ஏறும். இறந்தவருக்குக் கணக்கு ஏது? அதனால் முதலில் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் தொடங்கிச் சொத்துக்கான தாள்கள்வரை வேண்டியிருக்கும். கூடப்பிறந்தவர்கள் இருந்து பாகப்பிரிவினை ஆகவில்லை என்றால் அவர்களுடைய சம்மதமும் தேவைப்படலாம். தங்கையிடம் கையெழுத்துக் கேட்க வேண்டுமே என்ற தயக்கத்தை ஒரு மனிதர் சோலார் கம்பெனிப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவாரா? ‘கால் பண்ணுங்க’ என்றுதான் எழுதுவார்.

இதெல்லாம் ஊகம்தான். ஊகத்தை நிஜமென்று எடுத்துக்கொண்டு போனை எடுத்ததும் ‘பேர் மாத்தணும் சார்’ என்று ஆரம்பித்தால் அநாகரிகமாகப் போய்விடும். தெரிந்துகொள்வது, அவர் அந்தப் பக்கம் பேச்சைத் திருப்பும்போது தடுமாறாமல் பிடித்துக்கொள்வதற்காக.

கூப்பிடுவதற்கு முன் அரைத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. அவர் பெயர், தெரு, பில் யூனிட், தொகை. அனுப்பிய கொட்டேஷனின் மூன்று எண்கள். இதற்குக் கீழே இறங்க முடியாது என்ற விலை, இந்த வீட்டுக்கு 1,88,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு வர எதைக் குறைப்போம் என்பது: பேனலுக்கு அடியில் துணி காயப்போட வசதியாக ஆளுயர இரும்புத் தாங்கி போட்டிருந்தால், அதைத் தாழ்வாக்கினால் இரும்பு மிச்சம். கடைசியில், இந்தப் பேச்சு முடியும்போது எனக்கு என்ன கிடைக்க வேண்டும்? இதில்தான் பலர் பேராசைப்படுகிறார்கள். போனிலேயே அட்வான்ஸ் வாங்கிவிட நினைக்கிறார்கள். மாடியை நேரில் பார்க்காமல் யாரும் நம்பி முடிவெடுக்க மாட்டார், பார்க்காமல் விலை உறுதி சொல்வதும் சரியல்ல. தெற்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் கணக்கே மாறும். ஒரு நாளும் நேரமும் குறித்து மாடியைப் பார்க்க வருவது, அதுவும் வீட்டில் முடிவெடுப்பவர்கள் எல்லோரும் இருக்கும் நேரத்தில், அது போதும்.

ஆறு மணி. போனை எடுத்ததும் பெரும்பாலோர் கேட்பது, ‘கொட்டேஷன் பாத்தீங்களா சார்?’ இதற்கு ‘பாத்தேன்’ என்பதைத் தவிரப் பதில் இல்லை, அதற்குப் பிறகு நாமே பேச வேண்டியதாகிவிடும். அவர்தானே கூப்பிடச் சொன்னார்? அவரே ஆரம்பிக்கட்டும்.

“வணக்கம் அண்ணாச்சி, சோலார் விஷயமா கூப்பிடச் சொல்லியிருந்தீங்க. பில் அனுப்பினதுக்கு நன்றி. சொல்லுங்க அண்ணாச்சி.”

இதோடு நிறுத்த வேண்டும். எதிர்முனையில் இரண்டு மூன்று விநாடி சத்தமே இருக்காது. அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாமல்தான் விற்பனையாளர்கள் பேனல் வாரண்டி 25 வருஷம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பொறுத்தால் வரும்.

“ஒண்ணுமில்ல தம்பி. இந்த ஒரு லட்சத்துப் பதினேழாயிரம்னு போட்டிருக்கீங்களே, அதைக் குடுத்தாப் போதுமா, இல்ல முழுசையும் நாங்க குடுக்கணுமா?”

கொட்டேஷனில் கொட்டை எழுத்தில் போட்ட வரியே அவரைக் குழப்பியிருக்கிறது. மானியம் விற்பவரிடம் கழிக்கப்படுவதில்லை. பேனல் போட்டு, மின்வாரியம் பார்த்து, நெட் மீட்டர் வைத்த பிறகு வீட்டுக்காரரின் கணக்கில் வரும். அதுவரை 1,95,000 ரூபாயும் அவர்தான் புரட்ட வேண்டும். இதை மழுப்பினால் அப்போதைக்குப் பேச்சு இனிக்கும், பிறகு சண்டையில் முடியும்.

“முழுத் தொகையும் முதல்ல நீங்கதான் குடுக்கணும் அண்ணாச்சி. 78,000 அப்புறம் உங்க பேங்க் கணக்குக்கு நேரா வரும். மீட்டர் வச்சு எல்லாம் முடிஞ்சு ஒரு மாசத்துல வரணும்னு திட்டத்துல இருக்கு. ஆனா அது கவர்மெண்ட் குடுக்கிறது, நான் தேதி சொல்ல முடியாது. கையில புரட்டுறது சிரமம்னா 3 கிலோவாட் வரைக்கும் பொதுத்துறை பேங்க்ல ஈடு இல்லாம லோன் குடுக்கிறாங்க.”

இந்த ஒரு பதிலில், தேதி சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து அவர் கேட்பதும் எதிர்பார்க்கக் கூடியதே.

“எங்க பையன் பெங்களூர்ல இருக்கான். அவன் சொல்றான், வேற ஆளு 1,55,000-க்கே போட்டுத் தராங்கன்னு.”

இங்கே உடனே விலையைக் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். முதலில் கேட்க வேண்டியது ஒன்று: “அந்த விலைக்கு மானியம் உண்டான்னு கேட்டீங்களா அண்ணாச்சி?” மானியம் வேண்டுமென்றால் செல் முதற்கொண்டு இந்தியாவில் தயாரான பேனல்தான் போட வேண்டும், தொழிலில் டி.சி.ஆர். பேனல் என்பார்கள். இறக்குமதி செல் உள்ள பேனல் விலை குறைவு, அதற்கு மானியம் கிடையாது. ஆக 1,55,000-க்கு எதிரே நிற்பது 1,95,000 இல்லை, மானியம் வந்தபின் நிற்கும் 1,17,000. ஒருவேளை அந்த இன்னொருவரும் டி.சி.ஆர். பேனல்தான் தருகிறார் என்றால், அப்போதுதான் அரைத்தாளில் இருக்கும் தாழ்வான தாங்கிக்கும் 1,88,000-க்கும் வேலை. பையனின் பெயர் வந்துவிட்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவெடுப்பதில் அவருக்கும் பங்கு உண்டு; மாடி பார்க்க வரும்போது அவர் வீடியோ காலிலாவது இருக்கட்டும்.

பிறகு, எல்லா வீட்டிலும் வரும் கேள்வி: “கரண்ட் போனா இது ஓடுமா?” ஓடாது. மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், லைனில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு நம் வீட்டு மின்சாரம் ஷாக் அடிக்கும். பேட்டரி வைத்த அமைப்பு வேறு, விலையும் வேறு. இதைக் கேட்டு நாலைந்து பேர் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும். போட்ட பிறகு முதல் பவர் கட்டில் தெரிந்துகொள்பவர் ஊர் முழுக்கச் சொல்வார்.

பேச்சு முடியப்போகும் சமயத்தில், ‘அப்புறம் தம்பி…’ என்று ஒரு இழுவை வரும். பெரும்பாலும் உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கும்.

“சர்வீஸ் எங்க அப்பா பேருல இருக்கு. அதனால ஏதும் சிக்கல் வருமா?”

தயாராக இருப்பவர் அதிர்ச்சி காட்ட மாட்டார். “பல வீட்டுல இப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. பேர் மாத்திட்டா போதும். அதுக்கு என்னென்ன தாள் வேணும்னு நான் நேர்ல வரும்போது சொல்றேன், இல்ல நம்ம இ.பி. ஆபீஸ்லயே ஒரு தடவை கேட்டுருவோம். அது முடிஞ்சு மானியத்துக்கு எழுதலாம். அவசரமில்ல.” வீட்டுக்கு யார் யார் வாரிசு என்று இங்கே விசாரிக்கக் கூடாது. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ‘அவசரமில்ல’ என்ற சொல் ஆர்டரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளிப்போடும் என்பதும் உண்மை. பெயர் மாறுவதற்கு முன் பேனலை ஏற்றிவிட்டு மானியம் சிக்கிக்கொள்வதற்கு இது மேல்.

போனில் ரெக்கார்டிங் பட்டன் இருக்கிறதே, குறிப்பெடுக்கிற வேலை மிச்சம் என்று சிலர் அழுத்திவிடுகிறார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதை அழுத்தியதும் ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று இரு பக்கமும் அறிவிப்பு ஒலிக்கும். எழுத்தில் வர வேண்டாம் என்று போனுக்கு வந்தவர், அதைக் கேட்ட பிறகு எதைச் சொல்வார்? பேனாவே மேல்.

முடிந்த அரை மணிக்குள் ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும். பேசிய பணக் கணக்கும் தேதியும் இரு தரப்புக்கும் எழுத்தில் இருந்தாக வேண்டும்: ‘மொத்தம் 1,95,000. முழுத் தொகையும் முதலில் நீங்கள் தருவது. மானியம் 78,000 பிறகு உங்கள் கணக்குக்கு வரும். ஞாயிறு காலை 10 மணிக்கு மாடி பார்க்க வருகிறேன், தம்பி வீடியோ காலில் இருப்பார். கரண்ட் போனால் ஓடாது, அதையும் பேசினோம்.’ அப்பா பெயர் விஷயம் இதில் வரக் கூடாது. எதை எழுத மனமில்லாமல் கூப்பிடச் சொன்னாரோ, அதையே நாம் எழுதி அவர் போனில் போட்டால், பேசிச் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். அந்தப் போன் பேத்தி கையிலும் இருக்கும், தங்கை வந்த அன்று மேஜையிலும் கிடக்கும். ‘நீங்க கேட்ட தாள் விவரம் நேர்ல கொண்டு வரேன்’ என்பது போதும்.

எல்லா ‘கால் பண்ணுங்க’வும் இப்படி முடிவதில்லை. நேரம் குறித்துக் கூப்பிட்டும் எடுக்காதவர்கள் உண்டு. அடுத்தடுத்து மூன்று முறை அடிப்பது கடன் வசூல் மாதிரி தெரியும். ஒரு முறை கூப்பிட்டு, எடுக்காவிட்டால் ‘6 மணிக்குக் கூப்பிட்டேன், நாளைக்குக் காலை 10-க்கு மறுபடி கூப்பிடுறேன்’ என்று ஒரு வரி. மறுநாளும் இல்லையென்றால் ‘உங்களுக்குத் தோதானப்ப நீங்களே கூப்பிடுங்க’ என்று விட்டுவிடலாம். விடும்போது அரைத்தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். இவர்கள் திரும்பக் கூப்பிடுவது நாம் வேறொரு வீட்டு மாடியில் ஸ்பேனரோடு நிற்கும்போதுதான். தாளை ஒரு போட்டோ எடுத்து அவர் பெயரோடு போனிலேயே சேமித்து வைத்திருந்தால் அங்கிருந்தே பேசலாம். இல்லாவிட்டால் ‘இருபது நிமிஷத்துல கூப்பிடுறேன்’ என்று சொல்லி, இருபது நிமிஷத்தில் கூப்பிட வேண்டும்.

வேறு ஒரு வகையினர், விலையைத் தவிர எதற்கும் காது கொடுக்காதவர்கள். பில் கேட்டால் தர மாட்டார்கள், மாடி பார்க்க நாள் கேட்டால் ‘அப்புறம்’ என்பார்கள், ‘கடைசி ரேட் சொல்லுங்க’ என்பதே பல்லவி. இன்னொரு கம்பெனியின் விலையை அடித்துக் குறைக்க நம் எண் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அவர்களிடமும் மரியாதையாக ஒரு முறை பேசலாம், ஐந்து நிமிஷம். ‘மாடியைப் பார்க்காமல் இதற்குமேல் விலை சொல்ல முடியாது சார்’ என்று சொன்னதும் யார் நாள் கொடுக்கிறார், யார் போனை வைக்கிறார் என்பதில் தெரிந்துவிடும்.